டைம்லைன்ல முக்கால்வாசி வெட்டியாச்சு, டிஸ்க்ல இடமே காலியாகல. ஒரிஜினலை தூக்கிடலாமா?

காவிரிக்கரை_கேமரா:
வணக்கம் மக்களே, அவசர டவுட்டு. ஒரு கல்யாண வேலைய ஷாட்கட்ல எடிட் பண்ணிட்டு இருக்கேன். முகூர்த்தம், ரிசப்ஷன் ரெண்டும் சேத்து மூணு மணி நேரம் 4கே ஃபுட்டேஜ், 135 ஜிபி சொச்சம், டி டிரைவ்ல kalyanam னு ஒரு போல்டர்ல கெடக்கு. கேமரா ஆடுனது, போகஸ் போனது, பந்தில ஒருத்தர் லென்ஸையே மொறச்சு பாத்துட்டு இருந்தது எல்லாத்தையும் வெட்டி தூக்கிட்டு 38 நிமிஷத்துக்கு கொண்டு வந்துட்டேன். ஆனா டிரைவ்ல ஒரு ஜிபி கூட கூடுதலா காலியாகல. அதே நேரம் சேவ் பண்ண .mlt பைலை பாத்தா வெறும் 700 கேபி தான் இருக்கு. ஞாயித்துக்கெழம அடுத்த கல்யாணம், அந்த கார்டை இறக்க இடம் வேணும். வெட்டுன துண்டெல்லாம் எங்க போச்சு? ப்ராஜெக்ட் சேவ் ஆயிடுச்சுல்ல, இனிமே kalyanam போல்டரை டெலீட் பண்ணலாமா?

ரீல்ஸ்_ராஜ்ஜியம்:
தாராளமா தூக்குங்க ப்ரோ. நான் போன்ல தான் எடிட் பண்றேன், ஆப்ல கிளிப்பை சேத்ததும் உள்ள காப்பி ஆயிடுது, அப்புறம் கேலரில அழிச்சாலும் வீடியோ ஓடிட்டு தான் இருக்கு. நான் எப்பவும் அப்படித்தான் இடம் பாத்துக்கறேன்.

ரெண்டர்_ராசு:
@காவிரிக்கரை_கேமரா தம்பி அந்த போல்டர்ல கைய வச்சுடாதீங்க!! ராஜ்ஜியம் சொல்றது அவரோட போன் ஆப்புக்கு சரியா இருக்கலாம், கம்ப்யூட்டர் எடிட்டிங் சாப்ட்வேர் பெரும்பாலும் அப்படி இல்ல. நீங்களே கணக்கு பாருங்க, 135 ஜிபி படம் 700 கேபிக்குள்ள எப்படி உக்காரும்?

ஒரு வேலை பண்ணுங்க. .mlt பைலை இன்னொரு எடத்துல காப்பி எடுத்து நோட்பேட்ல தொறங்க. வெறும் எழுத்து தான் இருக்கும். நடுவுல இந்த மாதிரி ஒரு பகுதி கண்ணுல படும், தேவையில்லாத வரிய எல்லாம் விட்டுட்டு போடுறேன்:

```xml
<chain id="chain0" out="00:02:09.960">
  <property name="resource">C0012.MP4</property>
</chain>
<playlist id="playlist0">
  <entry producer="chain0" in="00:00:41.200" out="00:00:47.160"/>
</playlist>
```

ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட் நீளமான C0012 ங்கற பைல எடு, அதுல 41.2வது செகண்ட்ல ஆரம்பிச்சு 47.16 வரைக்கும் மட்டும் காட்டு, அவ்வளவு தான் இதுல எழுதியிருக்கு. 25 ப்ரேம் கணக்குக்கு அது சரியா 150 ப்ரேம், ஆறு செகண்ட். கடைசி ப்ரேமும் சேத்தி தான், அதனால தான் 47.200 னு இல்லாம 47.160 னு நிக்குது. நீங்க கிளிப்போட ஓரத்த புடிச்சு இழுக்கறப்ப இந்த ரெண்டு நம்பர் மாறுது, டிஸ்க்ல இருக்கற C0012ல ஒரு பைட் கூட மாறல. திரும்ப வெளிய இழுத்தீங்கன்னா வெட்டுன எடம் அப்படியே வரும் பாருங்க. வெட்டுன துண்டு எங்கயும் போகல, அது பைலுக்குள்ளயே இருக்கு, உங்க லிஸ்ட்ல அதை சொல்லல, அவ்வளவு தான்.

கலரும் அப்படித்தான். பிரைட்னஸ் ஏத்துனா அந்த கிளிப்புக்கு கீழ ஒரு filter வரி சேரும், அதுக்குள்ள level 1.2 ன்னு ஒரு நம்பர் இருக்கும். ப்ளே பண்ணும்போது ஒவ்வொரு ப்ரேமையும் ஒரிஜினல்ல இருந்து படிச்சு, அந்த நம்பரை போட்டு, திரைல காட்டிட்டு விட்டுடும். எக்ஸ்போர்ட் பண்றப்ப தான் அதையே மொத்தமா ஓட்டி ஒரு புது பைலா எழுதுது. போல்டரை அழிச்சீங்கன்னா லிஸ்ட் இருக்கும், படம் இருக்காது.

காவிரிக்கரை_கேமரா:
அண்ணே தொறந்து பாத்தேன், அப்படியே இருக்கு. தாலி கட்டுற எடத்துல ஒரே C0031 மூணு தடவ வருது, ஒண்ணு நார்மல், ஒண்ணு ஸ்லோமோஷன், ஒண்ணு கறுப்பு வெள்ளை. எல்லாம் ஒரே பைல் தானா?! நான் மூணு காப்பி ஆகியிருக்கும்னு நெனச்சேன்.

ஆனா ஒண்ணு புரியல, வெட்டுன எடத்த பைல்ல இருந்தே நிஜமா வெட்டிட்டா எவ்வளவு இடம் மிச்சம், ஏன் அப்படி செய்ய மாட்டேங்குது?

ப்ரேம்_பிரியன்:
இதுக்கு பேரு தான் நான்-டிஸ்ட்ரக்டிவ் எடிட்டிங். டெய்லர் துணிய வெட்டாம சாக்பீஸால கோடு மட்டும் போட்டு வச்சுக்கற மாதிரி. அழிச்சிட்டு எத்தனை தடவ வேணாலும் போடலாம். அதனால ஒரிஜினல் பைல் 100% சேப், எடிட்டிங் சாப்ட்வேரால அதை தொடவே முடியாது, இதுக்காக தனியா பேக்கப்லாம் எடுத்து டிஸ்க்க ரொப்ப வேண்டாம். தைரியமா என்ன எக்ஸ்பெரிமெண்ட் வேணாலும் பண்ணுங்க.

ரெண்டர்_ராசு:
பிரியன், முதல் பாதி ஓகே. பேக்கப் வேண்டாம்னு சொன்னத பத்தி பேசணும், அதுக்கு அப்புறம் வரேன்.

@காவிரிக்கரை_கேமரா, ஏன் நிஜமா வெட்டறதில்லைன்னா, உங்க கேமரா எழுதுற பைல்ல ஒவ்வொரு ப்ரேமும் தனித்தனி போட்டோவா இல்ல. அரை செகண்டுக்கோ ஒரு செகண்டுக்கோ ஒரு முழு ப்ரேம் இருக்கும், இடைல வர்றதெல்லாம் பக்கத்து ப்ரேம்ல இருந்து என்ன மாறிச்சுங்கற கணக்கு மட்டும் தான். நீங்க 41.2ல வெட்டுறீங்க, அங்க இருக்கறது முழு ப்ரேமா இல்லாம இருந்தா அதுக்கு முன்னாடி உள்ளத தூக்குனதும் அந்த ப்ரேமை கட்டவே முடியாது. அப்போ அந்த பகுதிய திரும்ப எண்கோட் பண்ணி எழுதணும், எழுதுற ஒவ்வொரு தடவையும் குவாலிட்டி கொஞ்சம் கழியும். ஒரு கட்டை நாலு ப்ரேம் முன்ன பின்ன நகத்தி பாக்கறது எடிட்டிங்ல நிமிஷத்துக்கு ரெண்டு தடவ நடக்கும், ஒவ்வொரு தடவையும் 4கே பைல திரும்ப எழுதுனா மனுஷன் உக்காந்து வேல பாக்க முடியுமா? Ctrl+Z அடிச்சா தூக்குன ப்ரேமை எங்கிருந்து கொண்டு வர்றது? எண்கோட் பண்ணாம வெட்டித்தர்ற டூல்களும் இருக்கு, ஆனா அதுங்க பெரும்பாலும் முழு ப்ரேம் இருக்கற எடத்துல தான் வெட்டும், அதுவும் புது பைலா தான் தரும்.

இதெல்லாம் ஒரே கிளிப்பை மூணு விதமா போட்டிருக்கீங்களே, அதுக்கும் பதில் தான். பைல்ல நேரா ஸ்லோ பண்ணியிருந்தா மத்த ரெண்டு எடமும் சேந்து ஸ்லோ ஆயிருக்கும்.

பழைய_லேப்காரன்:
தம்பிகளா, இது கம்ப்யூட்டர் வந்து கண்டுபுடிச்ச விஷயம் இல்ல. நான் கோடம்பாக்கம் பக்கம் லேப்ல வேல பாத்தவன். நெகட்டிவை எடிட்டர் கண்ணுல கூட காட்ட மாட்டோம். அதுல இருந்து ரஷ் பிரிண்ட் போட்டு குடுப்போம், எடிட்டர் அத வெட்டுவார், ஒட்டுவார், கீழ போட்டு மிதிச்சாலும் கவல இல்ல. படத்தோட ஓரத்துல நெகட்டிவ்லயே எட்ஜ் நம்பர் இருக்கும், 35 எம்எம்ல அடிக்கு ஒண்ணு, அதாவது 16 ப்ரேமுக்கு ஒரு நம்பர். அந்த நம்பர் பிரிண்ட்லயும் விழும். எடிட்டர் எல்லாம் முடிச்சு, டைரக்டர் தலையாட்டுன பிறகு, அந்த நம்பரை பாத்து பாத்து நெகட்டிவ் கட்டிங். அது ஒரே தடவ. வெட்டி சிமெண்ட் போட்டு ஒட்டணும்னா ஒட்டுற எடத்துல பக்கத்து ப்ரேம் காலி, அதனால ஷாட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு ப்ரேமாவது விட்டு வச்சு தான் வெட்டுவோம். அன்னிக்கு அந்த ரூமுக்குள்ள சத்தமா கூட பேச மாட்டாங்க. இப்ப நீங்க நோட்பேட்ல தொறந்து பாத்தீங்களே அந்த லிஸ்ட், அது எங்க எட்ஜ் நம்பர் நோட்டு தான்பா.

ரெண்டர்_ராசு:
அருமை ஐயா. கூடவே ஒண்ணு, உங்க காலத்துல கடைசில நெகட்டிவை வெட்டியே ஆகணும், நாங்க அந்த கடைசி படிய கூட செய்யறதில்ல, எக்ஸ்போர்ட்டே புது காப்பி தான்.

கட்டு_கந்தன்:
"சாப்ட்வேரால தொடவே முடியாது" ன்னு பிரியன் சொன்னதுக்கு வரேன். நான் பிரீமியர் ஆளு. பைல் மாறலன்னு கஸ்டமருக்கு காட்ட எடிட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஹேஷ், அதாவது ஒரு பைட் மாறுனாலும் மாறிடற பைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர், எடுத்து வைக்கறது வழக்கம். ஒரு ப்ராஜெக்ட்ல சில MOV பைலுக்கு மட்டும் ஹேஷ் மாறி நின்னுச்சு. நோண்டி பாத்தா Preferences > Media ல "Write XMP ID to Files on Import" டிக் ஆகியிருக்கு. இம்போர்ட் பண்றப்பவே சாப்ட்வேர் தன்னோட அடையாள நம்பரை பைலுக்குள்ள எழுதிடுது, சில வகை பைலுக்கு பக்கத்துல .xmp ன்னு தனி பைலா போடுது. படத்தையும் சத்தத்தையும் தொடல தான், ஆனா பைல் மாறிச்சா இல்லையா? மாறிச்சு.

இதவிட மோசம், டைம்லைன்ல ஒரு போட்டோவையோ லோகோவையோ ரைட் கிளிக் பண்ணி Edit Original கொடுக்கறது. அது போட்டோஷாப்ல நிஜ பைலயே தொறக்கும். அங்க க்ராப் பண்ணி சேவ் அடிச்சா ஒரிஜினல் போச்சு, எந்த எந்த ப்ராஜெக்ட்ல அந்த லோகோ இருக்கோ எல்லாத்துலயும் மாறிடும். டைம்லைன்ல Ctrl+Z அடிச்சு ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா டைம்லைன் ஒண்ணுமே மாறலயே.

ப்ரேம்_பிரியன்:
XMP எல்லாம் மெட்டாடேட்டா தானே, அதுக்கு போய் "டிஸ்ட்ரக்டிவ்" ன்னு சொல்றது ஓவர். படம் அப்படியே இருக்குல்ல.

கட்டு_கந்தன்:
கல்யாண வீடியோக்கு ஓவர் தான். கோர்ட்ல குடுக்கற சிசிடிவி கிளிப்புன்னா ஹேஷ் மாறுனா பதில் சொல்லணும். ஆள பொறுத்து, வேலைய பொறுத்து.

யாழ்_ஒலி:
எனக்கு ஒண்டு விளங்கேல்ல. நான் வீடியோ செய்யிறேல்ல, ஒடாசிட்டியில நேர்காணல் வெட்டுறனான். என்ர .aup3 ப்ராஜெக்ட் ஒரு மணித்தியால ஸ்டீரியோவுக்கே 1.2 ஜிபி வருது, 700 கேபி எல்லாம் இல்லை. WAV-ஐ அழிச்சுப்போட்டுத் திறந்தாலும் ஓடுது. அப்ப ஒடாசிட்டி வேற மாதிரியோ?

ரெண்டர்_ராசு:
ஓம் அக்கா, அது வேற மாதிரி தான். 3.0 வெர்ஷன் 2021ல வந்ததுல இருந்து ப்ராஜெக்ட்டே ஒரு டேட்டாபேஸ் பைல், இம்போர்ட் பண்ற சத்தம் முழுசா அதுக்குள்ள காப்பி ஆயிடும். அதனால உங்க WAV பத்திரம், அழிச்சாலும் ப்ராஜெக்ட் ஓடும். ஆனா கவனிங்க, Effect மெனுல போய் Noise Reduction போட்டு Apply அடிச்சா உள்ள இருக்கற அந்த காப்பியோட சாம்பிளே மாத்தி எழுதப்படுது. மூடி தொறந்தா undo வரலாறு இருக்காது, ஒரு வாரம் கழிச்சு "கொஞ்சம் கம்மியா போட்டிருக்கலாமோ"ன்னு தோணுனா அந்த WAV தான் கதி. அதனால அழிக்காதீங்க. 3.2ல இருந்து ரியல்டைம் எஃபெக்ட் வந்திருக்கு, அதுல போடுற EQ, கம்ப்ரெஸ்ஸர் மாதிரி சமாச்சாரம் எப்ப வேணாலும் எடுத்துடலாம்.

ராஜ்ஜியம் சொன்ன போன் ஆப்பும் இந்த மாதிரி உள்ள காப்பி வச்சுக்கற வகையா இருக்கும். ப்ராஜெக்ட் சைஸ பாத்தாலே பாதி தெரிஞ்சுடும், ஃபுட்டேஜ் அளவுக்கு பெருசா இருந்தா காப்பி உள்ள இருக்கு, கேபில இருந்தா வெறும் லிஸ்ட்.

யாழ்_ஒலி:
நல்லது தம்பி, WAV எல்லாத்தையும் இப்பவே வேற டிஸ்க்குக்கு மாத்துறன்.

ஸ்டுடியோ_செல்வி:
எல்லாரும் சாப்ட்வேர் பைல தொடுமான்னு பேசறீங்க, எங்க கடைல நடந்தது வேற. கேமராவ பார்மட் பண்ணா பைல் நம்பர் திரும்ப C0001ல ஆரம்பிக்குது, அப்படி தான் செட்டிங் இருந்துச்சு. முகூர்த்த கார்டுலயும் C0012, சாயங்கால கார்டுலயும் C0012. எடிட் பாதி முடிஞ்ச பிறகு எங்க பையன் ரெண்டாவது கார்டை அதே போல்டர்ல கொட்டியிருக்கான், விண்டோஸ் Replace பண்ணவான்னு கேட்டிருக்கு, ஆமான்னு அமுக்கிட்டான். மறுநாள் ப்ராஜெக்ட் தொறந்தா மாலை மாத்துற எடத்துல கை கழுவுற குழாய் ஓடுது, அதே ஆறு செகண்ட், அதே கட், அதே கலர் கரெக்ஷன், பின்னாடி நாதஸ்வரம். சாப்ட்வேர் ஒரு எச்சரிக்கை கூட குடுக்கல. அது கேட்ட பேர்ல பைல் இருக்கு, கேட்ட எடத்துல இருக்கு, அதுக்கு என்ன தெரியும்.

கார்டை பார்மட் பண்ணாம வச்சிருந்தோம், தப்பிச்சோம். இப்ப கார்டு இறக்குறப்பவே card1, card2 ன்னு தனி போல்டர்.

ரெண்டர்_ராசு:
செல்வி சொன்னது தான் நெசமா அடிக்கடி நடக்கற விபத்து. பைல் காணாம போனா சாப்ட்வேரே கத்தும், சிவப்பா Media Offline ன்னு காட்டும், இல்ல ஷாட்கட் மாதிரி தொறக்கும்போதே காணாம போன பைல் லிஸ்ட் குடுத்து எங்கன்னு கேக்கும். அது பரவால்ல, காட்டிவிட்டா சேந்துக்கும். பேர் அதே, உள்ள வேற படம்ங்கறப்ப தான் ஒருத்தரும் கத்த மாட்டாங்க. ஷாட்கட் .mlt உள்ள ஒவ்வொரு பைலுக்கும் shotcut:hash ன்னு ஒரு வரி எழுதி வைக்கும், அதை வச்சு காணாம போன பைலுக்கு நீங்க காட்டுறது அதே பைலான்னு பாத்துக்கும். ஆனா பைல் இருக்கற எடத்துலயே இருந்தா அது போய் சந்தேகப்படும்னு நம்பி உக்காராதீங்க.

@காவிரிக்கரை_கேமரா ஒரு சோதனை. கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து kalyanam போல்டர்ல நின்னு இதை ஓட்டுங்க:

```
certutil -hashfile C0012.MP4 SHA256
attrib +R *.MP4
```

முதல் வரி வர்ற ஹேஷை எழுதி வச்சுக்கங்க. ரெண்டாவது வரி எல்லா கிளிப்பையும் ரீட்-ஒன்லி ஆக்கும். அப்புறம் வழக்கம் போல எடிட் பண்ணுங்க, வெட்டுங்க, கலர் மாத்துங்க, எக்ஸ்போர்ட் பண்ணுங்க. எழுதுற அனுமதியே இல்லாம எல்லாம் ஓடும், ஏன்னா அது படிக்க மட்டும் தான் செய்யுது. ஆனா எக்ஸ்ப்ளோரர்ல டெலீட் பண்றத ரீட்-ஒன்லி நம்பகமா தடுக்காது, அதுக்கு இன்னொரு டிஸ்க்ல காப்பி தான் வழி. பிரியன் கிட்ட நான் பாக்கி வச்ச பதிலும் இது தான். டைம்லைன் லிஸ்ட் எவ்வளவு சாதுவா இருந்தாலும் டிஸ்க் செத்தா, பையன் Replace அமுக்குனா, அது என்ன பண்ணும்?

காவிரிக்கரை_கேமரா:
பண்ணி பாத்துட்டேன் அண்ணே. ரீட்-ஒன்லி போட்டு அஞ்சாறு கட் பண்ணேன், LUT போட்டேன், ஒரு நிமிஷம் எக்ஸ்போர்ட் எடுத்தேன். ஹேஷ் ஒரு எழுத்து கூட மாறல. மனசு குளுந்துச்சு. ஆனா இடப் பிரச்சினை அப்படியே இருக்கே, ஞாயித்துக்கெழம என்ன பண்றது?

ரெண்டர்_ராசு:
அழிக்கக்கூடியத மட்டும் அழிங்க. ப்ராக்ஸி போட்டிருந்தா Settings மெனுல Proxy, அதுக்குள்ள Storage, எந்த போல்டர்னு காட்டும். அது ஒரிஜினல்ல இருந்து சாப்ட்வேர் செஞ்சுகிட்ட சின்ன காப்பி, போனா திரும்ப செஞ்சுக்கும். பிரீமியர் ஆளுங்களுக்கு Media Cache, Video Previews போல்டரும் அப்படித்தான். அப்புறம் பழைய ட்ரயல் எக்ஸ்போர்ட் இருக்கான்னு பாருங்க, லிஸ்டும் ஒரிஜினலும் கைல இருக்கறப்ப அத எப்ப வேணாலும் திரும்ப எடுக்கலாம்.

காவிரிக்கரை_கேமரா:
ப்ராக்ஸி 6 ஜிபி. ட்ரயல் எக்ஸ்போர்ட் நாலு கெடக்கு, ஒவ்வொண்ணும் 11 ஜிபி!! மொத்தம் 50 ஜிபி கெடச்சிடுச்சு. ஞாயித்துக்கெழம கார்டு 64 தான், இன்னும் கொஞ்சம் தேத்திக்கலாம்.

கட்டு_கந்தன்:
டெலிவரி ஆன பிறகு என்ன பண்ணுவீங்க? மூணு மணி நேரத்தையும் வருஷக்கணக்கா வச்சிருப்பீங்களா? நான் ரிசால்வ்ல Media Management போயி டைம்லைன்ல பயன்பட்ட பகுதிய மட்டும், முன்னாடி பின்னாடி ஒரு செகண்ட் கூடுதலா விட்டு, புது பைலா எடுத்து வச்சுட்டு மீதிய தூக்கிடறேன். ட்ரான்ஸ்கோட் பண்ணி எடுத்தா சைஸ் சில சமயம் ஏறும், அது வேற விஷயம்.

ஸ்டுடியோ_செல்வி:
நான் மாட்டேன் பா. ரெண்டு வருஷம் கழிச்சு வந்து "எங்க தாத்தா அன்னிக்கு பந்தில பேசிட்டு இருந்தாரே, அது இருக்கா"ன்னு கேட்டிருக்காங்க. அது நாங்க ஆல்பத்துல வெட்டி தள்ளுன பகுதி. அந்த ஒரு செகண்ட் ஓரத்துல தாத்தா வர மாட்டார். டிஸ்க் வாங்குற காச பேக்கேஜ்லயே சேத்துட்டேன்.

கட்டு_கந்தன்:
எங்க ஊர்ல அந்த காச சேத்தா அடுத்த கடைக்கு போயிடுவாங்க மேடம். ஒரு வருஷம் வச்சிருப்போம்னு பில்லுலயே எழுதிடறேன், அதுக்கு மேல வேணும்னா டிஸ்க் அவங்களே கொண்டு வரட்டும்.

ரீல்ஸ்_ராஜ்ஜியம்:
இதெல்லாம் படிச்சுட்டு என் ஆப்ப போயி பாத்தேன், பழைய ப்ராஜெக்ட் ரெண்டுல கிளிப் எடம் கறுப்பா இருக்கு. எல்லாத்தையும் காப்பி பண்ணல போல, சிலத மட்டும் தான் பண்ணியிருக்கு. எது எதுன்னு எப்படி கண்டுபுடிக்கறது, யாருக்காவது தெரியுமா?